பூட்டனுக்கு நூறு வயது

யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பத்திரிகைக்குக் கொடுக்கும் பிறந்தநாள் வாழ்த்துக்கு ஒரு வழமையான அமைப்பு உண்டு. மேலே படம். அதன் கீழே, இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர் என்ற வரி. பிறகு நாலைந்து வரி வாழ்த்து. கடைசியில் வாழ்த்துபவர்கள்: மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள். ஒரு வயதுக் குழந்தைக்கும் ஏறத்தாழ இதே அமைப்புத்தான். ஆனால் நூறு வயதான பூட்டனுக்கு முழுக் குடும்பமும் சேர்ந்து எழுத உட்காரும்போது, முதல் வரியிலேயே கேள்விகள் எழுந்துவிடும்.

முதற்கேள்வி, நூறு எப்போது நிறைகிறது என்பது. எனக்குத் தெரிந்த வலிகாமத்துக் குடும்பம் ஒன்றில், ஐயாவின் பிறப்புப் பத்திரம் 1995 இடப்பெயர்வோடு போய்விட்டது. பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் அவர் அட்சய வருடம் தை மாதம் பிறந்தவர் என்பது மட்டும். அட்சய வருடம் என்றால் 1926 என்று ஒருவர் சொல்ல, 2026 தைக்கே மண்டபம் பேசிவிட்டார்கள். லண்டனில் இருக்கும் மகளிடம் இருந்த சாதகக் கொப்பியைப் பார்த்தபோதுதான் விடயம் தெளிந்தது. அட்சய வருடம் 1926 சித்திரையில் தொடங்கி 1927 பங்குனியில் முடிகிறது. அந்த வருடத்துத் தை, 1927 ஜனவரி நடுவில்தான் பிறக்கிறது. ஆகவே ஐயாவுக்கு நூறு நிறைவது 2027இல். 2026 தையில் அவருக்கு 99 நிறைந்து, நூறாவது வயது தொடங்கியது.

தை, மாசி, பங்குனியில் பிறந்த எல்லா முதியவர்களுக்கும் இந்தக் கணக்கு இடறும். மார்கழியின் பிற்பாதியும் அடுத்த ஆங்கில ஆண்டில்தான் விழும். சாதகத்துக்கும் பதிவுக்கும் ஒரு நாள் வித்தியாசம் வந்தாலும் பயப்பட வேண்டாம். தமிழ்க் கணக்கில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குவதால், விடியப்புறம் மூன்று மணிக்குப் பிறந்தவரைச் சாதகம் முந்தைய நாளில் வைக்கும். "நூறாவது வயதில் அடியெடுத்து வைக்கும்" என்று போடுவதா, "நூறு வயது நிறையும்" என்று போடுவதா என்பதை இதைப் பார்த்த பிறகே முடிவு செய்யலாம். இரண்டும் ஓர் ஆண்டு இடைவெளி உள்ள இரண்டு விழாக்கள்.

அடுத்தது பெயர்கள். வாழ்த்தின் அதிக நேரமும் அதிக மனத்தாங்கலும் இங்கேதான். மக்கள் பிறந்த வரிசையில், ஒவ்வொருவரோடும் துணையின் பெயர் சேர்ந்து வரும். பிறகு பேரப்பிள்ளைகள், பிறகு பூட்டப்பிள்ளைகள். மருமக்கள் என்று மட்டும் எழுதினால் அதில் பிள்ளைகளின் துணைவர்களும் அடங்குவர், ஐயாவின் சகோதரிகளின் பிள்ளைகளும் அடங்குவர். சகோதரர்களின் பிள்ளைகளுக்குப் பெறாமக்கள் என்று தனி இடம் வேண்டும். இந்தக் குடும்பத்தில் பெறாமக்கள் எழுபது வயதைத் தாண்டியவர்கள். அவர்களை விட்டுவிட்டு ஐந்து வயதுப் பூட்டப்பிள்ளையின் பெயரைப் போட்டால் வருத்தம் வரத்தானே செய்யும்?

அதைவிடக் கனமான ஒன்று இருக்கிறது. நூறு வயது வாழ்கிறவர் தன் பிள்ளைகளில் யாரையாவது பறிகொடுத்திருக்கக் கூடும். ஐயாவின் மூத்த மகள் இப்போது இல்லை. பிறந்தநாள் வாழ்த்தில் அமரர் என்ற சொல் வரக்கூடாது என்றார் ஒருவர். அக்காவின் பெயரே இல்லாமல் அப்பாவுக்கு என்ன வாழ்த்து என்று தங்கை அழுதார். கடைசியில் ஒவ்வொரு பிள்ளையின் குடும்பத்தையும் தனித்தனி வரியாக எழுதினார்கள். முதல் வரி மூத்த மகளின் பெயரில் தொடங்கி, "குடும்பம்" என்று சேர்த்து, அவருடைய கணவர், பிள்ளைகள், பேரர்களின் பெயர்களோடு முடிந்தது. அவர் இல்லை என்று எங்கும் எழுதவில்லை. வரிசையில் அவருடைய இடமும் மாறவில்லை. இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பாரிஸிலும் ரொறன்ரோவிலும் பிறந்த குழந்தைகளின் பெயர்களை ஊகித்துத் தமிழில் எழுதக் கூடாது. ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதினால் நெடில் குறிலாகும், ழகரம் ளகரமாகும். பெற்றோரிடமே தமிழில் எழுதி வாங்க வேண்டும்.

வாழ்த்து வரிகளில் ஆயத்தச் சொற்றொடர்கள் வரிசையில் வந்து நிற்கும். அவற்றில் "நூறாண்டு வாழ்க" என்பதை மட்டும் கட்டாயம் நீக்குங்கள். எல்லோருக்கும் ஆசியாக இருக்கும் அந்தச் சொல், நூறு நிறைந்தவருக்கு எல்லை குறிப்பதுபோல ஒலிக்கும். பல்லாண்டு என்பதில் அந்தச் சங்கடம் இல்லை. பாசத்தின் சிகரம், பண்பின் உறைவிடம் போன்றவை யாருக்கும் பொருந்தும். அதனாலேயே அவை அவரைச் சொல்வதில்லை. அவர் செய்த ஒரு வேலையைச் சொன்னால் போதும். ஐயா புகையிலைத் தோட்டக்காரர். குடும்பம் எழுதிய வாழ்த்து இது:

"இருட்டில் எழும்பித் துலா மிதித்து, புகையிலைக்குத் தண்ணீர் இறைத்து, ஐந்து பிள்ளைகளையும் பள்ளிக்கூடம் அனுப்பிய எங்கள் அப்பாவே, அப்பப்பாவே, அம்மப்பாவே, பூட்டனே! நீங்கள் இறைத்த தண்ணீரில் நான்கு தலைமுறை நனைந்திருக்கிறது. நல்லூர்க் கந்தன் அருளால் இன்னும் பல்லாண்டு எங்களோடு இருங்கள். உங்கள் காலில் விழுந்து வணங்குகிறோம்."

துலா என்றால் என்னவென்று ரொறன்ரோப் பிள்ளைகள் கேட்டார்கள். கிணற்றடியில் நீண்ட மரத்தின் மேல் ஏறி முன்னும் பின்னும் நடந்து தண்ணீர் இறைப்பதை ஐயாவே கைகளால் காட்டினார். விழாவுக்கு முன்பே வாழ்த்தின் பாதி அவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

எழுதியது அவர் காதிலும் கண்ணிலும் படவும் வேண்டும். முதுமையில் கீச்சென்ற உயர் ஒலிகளே முதலில் கேட்காமல் போகும். அதனால் குழந்தைகள் எல்லோரும் கூடிக் கத்தினால் அவருக்கு இரைச்சல்தான் மிஞ்சும். ஒருவர், முகத்துக்கு நேரே இருந்து, தாழ்ந்த குரலில், நிறுத்தி நிறுத்தி வாசிக்க வேண்டும். பின்னால் தொலைக்காட்சியோ பாட்டோ ஓடக் கூடாது. அவர் கையில் கொடுக்கும் பிரதியில் எழுத்து குறைந்தது 20 புள்ளி அளவில், மங்கலான வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் இருக்கட்டும். பளபளப்பான தாள் வெளிச்சத்தில் கண்ணைக் கூசவைக்கும். வயதான கண்ணில் வில்லை மஞ்சளாவதால் நீலமும் ஊதாவும் பிரிந்து தெரியாது.

காணொளி அழைப்புக்கு நேரம் பார்க்க வேண்டும். தை மாதத்தில் யாழ்ப்பாணத்தில் மாலை ஆறு மணி என்றால் பாரிஸில் பகல் ஒன்றரை, லண்டனில் பன்னிரண்டரை, ரொறன்ரோவில் காலை ஏழரை. நூறு வயதானவருக்கு ஆறு மணியைத் தாண்டினால் களைப்பு. ஒவ்வொரு குடும்பமும் ஒரு நிமிடம், மூத்தவர் வரிசையில் பேசினால் போதும். வாழ்த்து முழுவதையும் திரையில் காட்ட வேண்டியதில்லை. அதை வீட்டில் இருப்பவர் வாசிப்பார்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு காரியம் மறக்காமல் செய்யுங்கள். உயிரோடு இருக்கும் மூத்த உறவினரிடம், பெரும்பாலும் ஐயாவின் தங்கையாகவோ பெறாமகளாகவோ இருப்பார், பெயர்ப் பட்டியலைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். விடுபட்ட பெயரை அவர்தான் சொல்வார்.