உங்கள் பக்கம் காதுக்கு எப்படி இருக்கிறது?

மதுரையில் கல்யாண ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் வாணி என்ற ஒரு பெண்ணுக்கு இன்ஸ்டாகிராமில் பக்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் அறிமுக வரிகள் இவை:

```
𝓥𝓪𝓷𝓲 𝓑𝓵𝓸𝓾𝓼𝓮𝓼
✨✨✨━━━━━━✨✨✨
🧵👗💯 #bridalblousemadurai
👇👇👇📲
```

பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பார்வையற்றவர்கள் இதைக் காதால்தான் படிக்கிறார்கள். ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர், கணினியில் என்விடிஏ என்று திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்கள் உண்டு. இந்தப் பக்கம் அவற்றின் வாயிலிருந்து எப்படி வரும்?

முதல் வரியில் உள்ளவை நாம் தட்டச்சு செய்யும் ஆங்கில எழுத்துகளே அல்ல. கணிதச் சூத்திரங்கள் எழுதுவதற்காக யூனிகோடில் தனியாக வைக்கப்பட்ட குறிகள் அவை. ‘ஸ்டைல் ஃபான்ட்’ தருவதாகச் சொல்லும் செயலிகள் அந்தக் குறிகளைப் பொறுக்கி எடுத்துத்தான் தருகின்றன. அதனால் சில வாசிப்பான்கள் ‘வாணி’ என்று சொல்லாமல், ‘மேத்தமேட்டிக்கல் போல்ட் ஸ்கிரிப்ட் கேப்பிட்டல் வி’ என்று தொடங்கி ஒவ்வொரு எழுத்துக்கும் முழுப்பெயர் சொல்லும். எழுத்துக்கு 5 சொல், 11 எழுத்துக்கு 55 சொல். வேறு சில அந்த வரியை ஒன்றுமே சொல்லாமல் தாண்டிவிடும். புதிய பதிப்புகள் சில இதைச் சரியாகப் படித்துவிடுகின்றன என்றாலும், கேட்பவரிடம் எந்த போன் இருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. கடையின் பெயரே காதில் விழாமல் போகும் அபாயத்தை எடுக்கவே கூடாது என்பது என் கருத்து. தமிழ் எழுத்துக்கு இப்படிப்பட்ட மாற்றுக் குறிகள் யூனிகோடில் இல்லை. பெயரைத் தமிழில் எழுதினால் இந்தத் தொல்லையே வராது.

எமோஜி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு, அது வாசிக்கப்படும். கீழே சுட்டும் விரலின் ஆங்கிலப் பெயர் ‘பேக்ஹேண்ட் இண்டெக்ஸ் பாயிண்டிங் டவுன்’. மூன்று விரல் போட்டால் அது மூன்று முறை ஒலிக்கலாம். கைக்குத் தோல் நிறம் தேர்ந்தெடுத்தால் நிறத்தின் பெயரும் கூடவே வரும். அலங்காரக் கோடுகளையும் சில மென்பொருள்கள் ஒவ்வொன்றாகச் சொல்கின்றன. எமோஜியே வேண்டாம் என்பதல்ல. சொல்லுக்குப் பதிலாக அதை வைக்காமல், வரியின் முடிவில் ஒன்று வைத்தால் போதும். ஹேஷ்டேக்கில் ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் பெரிய எழுத்தாக்கினால் வாசிப்பானுக்குச் சொற்கள் பிரிந்து கேட்கும். தமிழில் பெரிய எழுத்து இல்லாததால் சொற்களுக்கு நடுவே அடிக்கோடு போடலாம். இப்படி மாற்றிப் பாருங்கள்:

```
வாணி பிளவுஸ், மதுரை
கல்யாண ஜாக்கெட், ஆரி வேலை 🧵
ஆர்டர் எடுப்பது வாட்ஸ்அப்பில்
#BridalBlouseMadurai
```

அடுத்தது படங்கள். விளக்கம் எழுதாத படத்துக்கு இன்ஸ்டாகிராமும் ஃபேஸ்புக்கும் தாமாகவே ஏதாவது ஊகித்துச் சொல்லும். ‘ஒருவர் இருக்கும் படமாக இருக்கலாம்’ என்ற அளவில் அது நின்றுவிடும். ஜாக்கெட் வாங்க வந்தவருக்கு அதனால் என்ன பயன்? இன்ஸ்டாகிராமில் ஏற்கெனவே போட்ட படத்துக்கும் விளக்கம் சேர்க்கலாம். மூன்று புள்ளியைத் தொட்டு `Edit`, பிறகு படத்தின் மேல் தெரியும் `Edit alt text`.

அங்கே என்ன எழுதுவது? ‘அழகான டிசைன்’ என்பது விளக்கமாகாது. ‘பச்சைப் பட்டு ஜாக்கெட்டின் முதுகுப்புறம். பாட் நெக். கழுத்தோரம் முழுக்கத் தங்க நிற நூலில் மயில் ஆரி வேலை, கீழே இரண்டு குஞ்சம்’ என்றால் துணி, வெட்டு, வேலைப்பாடு மூன்றும் கிடைத்துவிடும். ‘இந்தப் படத்தில்’ என்று தொடங்க வேண்டாம், படம் என்பதை வாசிப்பானே சொல்லிவிடும். அதே ஜாக்கெட் தையல் வகுப்புக்கான பக்கத்தில் வந்தால் மயிலைவிட ஊசி போட்ட விதம் முக்கியமாகிவிடும். பக்கம் எதற்காக இருக்கிறதோ, விளக்கமும் அதைச் சார்ந்ததே.

அதிகம் பேரைத் தவறவிடுவது போஸ்டர்கள். தீபாவளித் தள்ளுபடி, விலை, கடைசித் தேதி, போன் எண் எல்லாம் படத்துக்குள் எழுதப்பட்டிருக்கும். பதிவிலோ ‘விவரம் படத்தில்’ என்று ஒரே வரி. படத்துக்குள் இருக்கும் தமிழ் எழுத்து பெரும்பாலும் வாசிப்பானுக்கு எட்டுவதில்லை. அதை அப்படியே பதிவின் எழுத்தாகவும் தட்டச்சு செய்ய வேண்டும். அப்போது பார்வையுள்ளவர்களும் எண்ணை நகலெடுத்துக்கொள்ள முடியும்.

சரியாகச் செய்தோமா என்று அறிய உங்கள் போனிலேயே வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டில் அமைப்புகளுக்குள் `Accessibility`, அதில் `TalkBack`. அதை இயக்கியதும் தொடும் முறை மாறிவிடும்: ஒருமுறை தொட்டால் வாசிக்கும், இருமுறை தட்டினால்தான் திறக்கும், நகர்த்த இரண்டு விரல் வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு இயக்குங்கள், இல்லையென்றால் அணைக்க முடியாமல் திணற வேண்டியிருக்கும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு உங்கள் பக்கத்தை மேலிருந்து கீழே கேளுங்கள். கடையின் பெயர், என்ன வேலை, எப்படித் தொடர்புகொள்வது, இந்த மூன்றும் புரியவில்லையென்றால் அந்த வரிகளை இன்றே மாற்றி எழுதுங்கள்.