சூட்டில் காந்தம் ஏன் தோற்கிறது?

காந்தத்தில் ஒட்டியிருக்கும் நிக்கல் கம்பியைச் சுடரில் காட்டினால், சுமார் 358 டிகிரி செல்சியஸில் அது விடுபட்டு விழும். ஆறியதும் மறுபடி ஒட்டும். இரும்புக்கு இந்த எல்லை 770 டிகிரி. 1895இல் இதை விரிவாக ஆராய்ந்த பியர் கியூரியின் பெயரால் இதைக் கியூரி வெப்பநிலை என்கிறார்கள்.

காரணத்தை 1907இல் பியர் வைஸ் எளிமையாக விளக்கினார். ஒவ்வொரு அணுவும் குட்டிக் காந்தம். அக்கம்பக்கத்து அணுக்களைத் தனித்தனியாகக் கணக்கிடாமல், எல்லாம் சேர்ந்து உண்டாக்கும் சராசரிப் புலத்தை அது உணர்வதாக அவர் எடுத்துக்கொண்டார். எத்தனை அணுக்கள் ஒரே திசை பார்க்கின்றனவோ, அந்த அளவுக்குப் புலம் வலுக்கும். அந்தப் புலமே அணுக்களை அதே திசையில் நிறுத்தும். வெப்பமோ அவற்றைக் கண்டபடி புரட்டும்.

தற்செயலாக 10 சதவீத ஒழுங்கு உண்டானதாக வைத்துக்கொள்வோம். எல்லைக்குக் கீழே, அதன் புலம் 12 சதவீத ஒழுங்கை உருவாக்கும். 12 என்பது 15 ஆகும். புலமும் வெப்பமும் சமன்படும்வரை இது வளரும். எல்லைக்கு மேலே, 10 சதவீதத்தின் புலத்தால் 8 சதவீதத்தைத்தான் தாங்க முடியும். 8 என்பது 6 ஆகி, பூஜ்யத்தில் முடியும்.

எல்லையை நெருங்கும்போது இந்தக் கணக்கு பிசகுகிறது. அங்கே அணுக்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்புவதால், சராசரி என்பது உண்மை நிலையைக் காட்டாது. வைஸ் சொன்னதைவிடச் செங்குத்தாகவே காந்தத்தன்மை சரிகிறது.