மாமாவின் ரிப்போர்ட்டும் குடும்பக் குழுவும்

குடலிறக்க அறுவை சிகிச்சைக்கு முன் வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் மாமாவுக்கு ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் என்று வந்தது. சேதி வாட்ஸ்அப் குழுவில் பரவியதும் ஒருவர் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கச் சொன்னார். இன்னொருவர் தனித் தட்டு, தனி டம்ளர் என்றார். மாமாவின் சம்மதத்தோடு அவருடைய அக்காள் மகள் குழுவில் எழுதினாள்:

“மாமா நல்லா இருக்காங்க. இது தண்ணியால வர்ற மஞ்சள் காமாலை இல்லை. ஒரே தட்டுல சாப்பிட்டாலோ, தும்மினாலோ, கட்டிப்பிடிச்சாலோ ஒட்டாது. ரத்தம், உடலுறவு, பிரசவத்துல தாய்கிட்ட இருந்து குழந்தை, இந்த வழிகள்லதான் பரவும். ஷேவிங் ரேசர், நகவெட்டி, டூத் பிரஷ் மட்டும் தனியா இருக்கட்டும்.”

இதுவரை யாரும் எழுதக்கூடியதுதான். அடுத்து அவள் எழுதியது முக்கியம்: “அம்மா, பெரியம்மா, சித்தி மூணு பேரும் முதல்ல டெஸ்ட் எடுங்க.”

மாமாவிடமிருந்து தங்களுக்கு ஒட்டிவிடுமோ என்பதுதான் மற்றவர்களின் பயம். ஆனால் நடந்தது பல வருடங்களுக்கு முன்பாக இருக்கலாம். வளர்ந்த பிறகு இந்த வைரஸ் தொற்றினால் பெரும்பாலோர் உடல் சில மாதங்களில் அதை விரட்டிவிடும். பிறக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது பேரிடம் அது தங்கிவிடுகிறது. அறிகுறியே இல்லாமல் ஐம்பது வயதில் தற்செயலாகத் தெரியவந்தால், பிறப்பிலோ சிறுவயதிலோ வந்திருக்கக்கூடும். அப்படியானால் கூடப் பிறந்தவர்களுக்கும் அது இருக்க வாய்ப்புண்டு. பாட்டிக்கும்தான். அதற்காகப் பாட்டியைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் பரிசோதனையும் இல்லை, தடுப்பூசியும் இல்லை.

அத்தையும் பிள்ளைகளும்கூடப் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று பரிசோதனைகளைச் சேர்த்து எடுப்பது நல்லது: வைரஸின் மேற்பரப்புப் புரதம் (இப்போது தொற்று இருக்கிறதா), அதற்கான எதிர்ப்பொருள் (பாதுகாப்பு இருக்கிறதா), உள்கருவுக்கான எதிர்ப்பொருள் (எப்போதாவது தொற்றியிருக்கிறதா). மூன்றும் நெகட்டிவ் என்றால் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். முதல் ஊசி போட்ட ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது.

மாமாவின் கதை இந்த ஒரு காகிதத்தோடு முடியவில்லை. தொற்று ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் நாள்பட்டது என்பார்கள். அதனிடையே வைரஸ் அளவு, கல்லீரல் நொதிகள், கல்லீரலில் தழும்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தொற்றுள்ள எல்லோருக்கும் மருந்து தேவைப்படாது. தேவைப்பட்டால் டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர் மாத்திரை, தினம் ஒன்று, பெரும்பாலும் பல வருடங்களுக்கு. அது வைரஸை அடக்கி வைக்கும். அநேகமாக முழுதாக ஒழிக்காது. உடம்பு நன்றாக இருக்கிறதே என்று மாத்திரையைத் தாமாக நிறுத்தினால், அடங்கிக் கிடந்த வைரஸ் கல்லீரலைக் கடுமையாகத் தாக்கலாம். இதைத்தான் அத்தை கண்காணிக்க வேண்டும்.

கீழாநெல்லியை இதற்கு மருந்தாக நம்பி டாக்டரைத் தவிர்க்கக் கூடாது. மாமா மதுவை அறவே விட வேண்டும், ரத்த தானம் செய்யக் கூடாது. பிற்காலத்தில் புற்றுநோய் சிகிச்சையோ ஸ்டீராய்டோ தேவைப்பட்டால், தொற்றைப் பற்றி அந்த டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். குடலிறக்க அறுவை சிகிச்சையை இதற்காகக் கைவிட வேண்டியதில்லை; கல்லீரலின் நிலையைப் பார்த்துவிட்டு டாக்டர் தேதி சொல்வார்.