பீரோவுக்குள் படுத்திருக்கும் காளை!

ஆலங்காயம், வாணியம்பாடி, ஆம்பூர் வட்டாரத்தில் பொங்கல் பிறந்துவிட்டால் எருது விடும் விழா களைகட்டும். மதுரைப் பக்கத்து ஜல்லிக்கட்டு மாதிரி காளையைக் கட்டிப்பிடிக்கிற சமாசாரம் இல்லை இது. இரண்டு பக்கமும் தடுப்பு கட்டிய தெருவில் காளைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து விடுவார்கள். குறித்த தூரத்தைக் குறைந்த நொடிகளில் கடக்கும் காளைக்குப் பரிசு. மைக்கில் ஒருத்தர் தொண்டை கட்டும்வரை காளையின் பெயரையும் நொடியையும் சொல்லிக் கொண்டே இருப்பார்.

2014 மே 7-ம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பால் இது நின்றது. 2017-ல் தமிழக அரசின் சட்டத் திருத்தத்தால் மறுபடி வந்தது. 2023 மே 18-ல் அந்தத் திருத்தம் செல்லும் என்று அதே கோர்ட் சொன்னது. தடைக்கு முந்தைய விழாக்கள் எப்படி நடந்தன என்பதற்கு என்ன சாட்சி? பல வீடுகளில் பீரோ மேல் சூட்கேஸில் கிடக்கும் நாலு போட்டோ, இரண்டு ஆடியோ கேசட், ஒரு வி.எச்.எஸ். வீடியோ கேசட். அவ்வளவுதான்.

இந்த ஊர் இளைஞர்கள் நாலு பேர் சேர்ந்து, பழைய விழாக்களை வைத்து அரை மணி நேர நினைவு வீடியோ தயாரிப்பதாக வைத்துக்கொள்வோம். பரிசு வாங்கிய காளையின் சொந்தக்காரர் இப்போது இல்லை. அவர் மனைவிதான் இருக்கிறார். அவருக்கு எழுதும் முதல் கடிதம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: 'தங்களிடம் உள்ள பழைய போட்டோ, கேசட் அனைத்தையும் கொடுத்து உதவுமாறு கேட்டுக் கொள்கிறோம்.'

கொடுப்பாரா? மாட்டார் சார்! 'அனைத்தையும்' என்ற வார்த்தையிலேயே பெரியம்மா சாவியை இடுப்பில் சொருகி விடுவார். அந்த மனிதர் காளையோடு சிரித்துக்கொண்டு நிற்கும் படம் உலகத்திலேயே அந்த ஒன்றுதான். போனால் போனதுதான்.

கொஞ்சம் மாற்றி எழுதிப் பார்ப்போம்:

'பெரியம்மா அவர்களுக்கு வணக்கம். நான் உங்கள் தெருமுனைத் தையல்கடைக்காரர் மகன். பெரியப்பாவின் காளை பரிசு வாங்கிய படத்தை உங்கள் கூடத்தில் பார்த்திருக்கிறேன். 2014-க்கு முன் நடந்த விழாக்களைப் பற்றி ஒரு வீடியோ தயாரிக்கிறோம். விழா படங்கள் மட்டும் போதும். கல்யாண ஆல்பம் வேண்டாம். படங்களை எடுத்துப் போக மாட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலை நாங்களே கருவியோடு வந்து, உங்கள் எதிரிலேயே நகல் எடுத்துக்கொள்கிறோம். வீடியோ பொங்கல் ராத்திரி திரையில் ஓடும். இன்டர்நெட்டில் போடுவதானால் தனியாகக் கேட்போம். வேண்டாம் என்று நீங்கள் ஒதுக்கும் படத்தைத் தொட மாட்டோம். படத்தில் இருப்பவர்கள் பெயரை மட்டும் நீங்கள் சொல்ல வேண்டும்.'

இந்தக் கடிதம் 'கொடுங்கள்' என்று கேட்கவில்லை. 'வரலாமா?' என்று கேட்கிறது. பெரிய இடங்களிலும் இதே வழிதான். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோ படங்களைப் பதிவு செய்த வேலை, பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் கீழ் நடந்தது. மூலப்பிரதி சொந்த நாட்டை விட்டுப் போகக் கூடாது, நகல் போதும் என்பது அந்தத் திட்டத்தின் விதி. லண்டன்காரர்களே நகலோடு திருப்திப்படும்போது, தெருமுனைக்காரர்களுக்கு என்ன?

ஞாயிறு வந்தாச்சு. பெரியம்மா 14 படம், இரண்டு ஆடியோ கேசட், ஒரு வீடியோ கேசட் எடுத்து வைக்கிறார். முதல் வேலை, ஒரு நோட்டில் எண் போடுவது. படம் 1: காளை, பரிசுடன், வலது மூலை கிழிசல். கிழிசலை ஆரம்பத்திலேயே எழுதிவிட்டால் பின்னால் 'யார் கிழிச்சது?' என்ற பஞ்சாயத்து வராது. எண்ணைப் படத்தின் பின்னால் பேனாவால் எழுதாதீர்கள். மை மறுபக்கம் ஊறும். துண்டுக் காகிதம் போதும்.

போஸ்ட்கார்டு சைஸ் படம் 4 அங்குலத்துக்கு 6 அங்குலம். ஸ்கேனரில் அங்குலத்துக்கு 600 புள்ளி வைத்தால் 2400-க்கு 3600 புள்ளி கிடைக்கும். ஃபுல் எச்.டி. திரைக்கு 1920-க்கு 1080 போதும் என்பதால், கூட்டத்தில் ஒரு முகத்தை மட்டும் பெரிதாக்கவும் இடம் இருக்கும். அதையே வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிப் போகும். பென்டிரைவில் வாங்குங்கள். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்கவே கூடாது. முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடி மேலேயே, வெளிச்சம் பளிச்சிடாமல் பக்கவாட்டு ஜன்னல் ஒளியில் கேமராவால் எடுக்க வேண்டியதுதான்.

எந்த வருஷத்துப் படம்? பெரியம்மாவுக்கு 'சின்னவன் பொறந்த வருஷம்' என்றுதான் ஞாபகம். படத்தைத் திருப்பி ஸ்டூடியோ முத்திரையைப் பாருங்கள். பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு. அதற்கு முன் பின்கோடே கிடையாது. 'வடஆற்காடு மாவட்டம்' என்று மட்டும் இருந்தால் 1989 பிரிவினைக்கு முந்தைய முத்திரையாக இருக்கலாம். ஸ்டூடியோக்காரர் பழைய முத்திரையைத் தேயும்வரை குத்தியிருப்பார் என்பதால், சின்னவன் பிறந்த வருஷத்தோடும் ஒத்துப் பார்ப்பது நல்லது.

கேசட்தான் கண்டம். ஆர்வக் கோளாறில் உடனே டேப்ரிக்கார்டரில் போடாதீர்கள். கேசட் ஜன்னல் வழியாகச் சுருளைப் பாருங்கள். வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. ஓடவிட்டால் டேப் அறுந்து போகலாம், பூஞ்சை கருவிக்கும், அதிலிருந்து அடுத்த கேசட்டுக்கும் ஒட்டும். அதைத் தனிப் பையில் போட்டு, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். இதற்கு மட்டும் வீட்டை விட்டு எடுத்துப் போயாக வேண்டும். அப்போது எண், திருப்பித் தரும் தேதி, இரண்டு கையெழுத்தோடு ரசீது எழுதிக் கொடுங்கள். நல்ல கேசட்டாக இருந்தால், ஓடவிடுமுன் முதுகுப்பக்கத்துச் சின்ன பிளாஸ்டிக் தாழ்கள் உடைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். உடையாவிட்டால், பெரியம்மாவிடம் கேட்டு உடைத்துவிடுங்கள். தப்பித்தவறி ரிக்கார்டு பட்டனை அமுக்கினாலும் மைக்காரர் குரல் அழியாது.

இனி உரிமை. 1957-ம் வருஷக் காப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவர்தான். ஆகவே பெரியப்பா காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம், அவர் வாரிசுகளின் அனுமதியோடு ஓடலாம். போட்டோக்காரர் தானாகக் கூட்டத்தில் எடுத்து விற்ற பிரதி என்றால், அவரையோ அவர் குடும்பத்தையோ கேட்க வேண்டும். வீடியோ கேசட்டில் பின்னால் ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். அதை யூடியூபில் ஏற்றினால் பாட்டுக் கம்பெனி உரிமை கோரலாம், சத்தமே அடங்கிப்போகலாம். மைக்காரர் குரல் மட்டும் கேட்கும் பகுதியாகத் தேர்ந்தெடுங்கள்.

கடைசியாக, சட்டத்தில் இல்லாத ஒரு விஷயம். படம் 9-ல் காளை முட்டி ஒருத்தர் தடுப்போரம் விழுந்து கிடக்கிறார். படம் பெரியம்மாவுடையது, காயம் அடுத்த தெருக்காரருடையது. அவர் வீட்டாரிடம் கேட்காமல் திரையில் போட்டால் பொங்கல் ராத்திரி என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. படம் 12-ல் மாடியில் நின்று வேடிக்கை பார்க்கும் பெண் இன்று வேறு ஊரில் மருமகள்களை ஆட்டி வைத்துக்கொண்டிருப்பார். அவருக்கும் ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

நகல் எடுத்து முடிந்ததும் 14 படத்தையும் பெரியம்மா கையில் எண்ணிக் கொடுத்துவிட்டு, போனில் ரிக்கார்டரைத் தட்டி, முதல் படத்தைக் காட்டி 'இது யாரு பெரியம்மா?' என்று கேளுங்கள். பெயர்களைச் சொல்ல வேறு ஆள் கிடையாது. அவர் பேசப் பேச, காளைக்கு என்ன பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள் என்பதும் வரும். அது எந்தப் படத்தின் பின்னாலும் எழுதியிருக்காது.