பார்க்காத வேலைக்குச் சான்று கேட்டால்

லிங்க்ட்இன் தளத்தில் பரிந்துரை கேட்டு வரும் செய்தி பெரும்பாலும் ஒரே வரிதான். "எனக்கு ஒரு ரெகமண்டேஷன் எழுதித் தர முடியுமா?" கேட்பவர் எப்போதோ ஒரு கூட்டத்தில் அறிமுகமானவராக இருப்பார், அல்லது கல்லூரியில் நமக்குப் பின்னால் படித்தவராக இருப்பார். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் வேலை செய்து நாம் பார்த்ததில்லை. இல்லை என்று சொல்ல மனம் வராமல் "கடின உழைப்பாளி, நேர்மையானவர்" என்று நாலு வரி எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

அந்த நாலு வரி எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். பரிந்துரை கேட்பவரின் பக்கத்தில் நம் பெயர், படம், பதவியோடு அது நிற்கும். அவரை எப்படித் தெரியும் என்பதையும் தளம் ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்கிறது: அவருக்கு மேலாளராக இருந்தேன், ஒரே குழுவில் வேலை பார்த்தேன், அவர் என் வாடிக்கையாளர், சேர்ந்து படித்தோம் என்கிற மாதிரி. வேலை தெரியாத ஒருவருக்கு எழுத உட்கார்ந்தால் முதல் பொய் அந்தப் பட்டியலிலேயே தொடங்கிவிடும் வாய்ப்பு உண்டு.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இல் வந்தது. தவறான தகவல் என்றால் என்ன என்பதை அதன் 18-ஆம் பிரிவு விளக்குகிறது. உண்மையில்லாத ஒன்றை, அப்படிச் சொல்லத் தேவையான தகவல் கையில் இல்லாமலே உறுதியாகச் சொன்னால், சொன்னவர் அதை உண்மை என்று நம்பியிருந்தாலும் அது தவறான தகவலே என்கிறது. ஒப்பந்தம் செய்துகொள்பவர்களுக்கான விதி அது. பரிந்துரை எழுதுகிறவர்களுக்காக எழுதப்பட்டதல்ல. ஆனாலும் நாம் எடுத்துக்கொள்ளத்தக்க அளவுகோல் அதில் இருக்கிறது. "நல்லா செய்வாள் என்றுதான் நினைத்தேன்" என்பது போதாது. அப்படி நினைக்க நம்மிடம் என்ன இருந்தது என்பதே கேள்வி.

ஒரு உதாரணத்தை முழுதாக எடுத்துக்கொள்வோம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கும் ஒரு பெண். பழைய மாணவர் சந்திப்பில் பழக்கமான ஜூனியர் ஒருத்தி எழுதுகிறாள்: "அக்கா, வேற கம்பெனிக்கு அப்ளை பண்றேன். ஜிஎஸ்டி வேலை நல்லா பண்ணுவேன்னு ஒரு ரெகமண்டேஷன் போட்டுக் குடுங்க."

இங்கே பலரும் செய்வது "பார்க்கலாம்மா" என்று தள்ளிப் போடுவது. அதைவிட மோசமான பதில் இல்லை. அவள் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு வேறு யாரையும் கேட்காமல் காத்திருப்பாள். விண்ணப்பத் தேதி முடிந்துவிடும். "இப்போ வேலை அதிகம்" என்பதும் அப்படித்தான். வேலை குறைந்ததும் மறுபடி கேட்பாள். பதில் ஒன்றிரண்டு நாளுக்குள் போக வேண்டும். உண்மையான காரணத்தோடு போக வேண்டும். காரணம் அவளுடைய திறமை பற்றியதாக இல்லாமல், நமக்குத் தெரிந்ததன் எல்லை பற்றியதாக இருக்க வேண்டும்:

"புது வேலைக்கு முயற்சி பண்றது சந்தோஷம்மா. ஆனா உன் வேலையை நான் பக்கத்துல இருந்து பார்த்ததில்லை. நான் எழுதி, அவங்க எனக்கு போன் பண்ணி ஒரு கேள்வி கேட்டா என்னால பதில் சொல்ல முடியாது. அது உனக்குத்தான் கெடுதல். உன் ரிட்டர்ன்ஸைச் சரிபார்த்த ஆடிட்டர், இல்லேன்னா நீ கணக்கு எழுதின கடைக்காரர் யாராவது எழுதினா நல்லா எடுபடும். யாரைக் கேக்கலாம்னு குழப்பமா இருந்தா கூப்பிடு, பேசலாம்."

வெறும் மரியாதைக்காகச் சொல்லும் காரணம் இல்லை இது. ஆள் எடுக்கிறவர்கள் போனில் கேட்பவை பெரும்பாலும் நேரான கேள்விகள்: எவ்வளவு காலம் சேர்ந்து வேலை பார்த்தீர்கள், அவர் கையில் என்ன பொறுப்பு இருந்தது, சிக்கலான நேரத்தில் என்ன செய்தார். முதல் கேள்விக்கே நாம் தடுமாறினால், அவள் தன் வேலையைப் பற்றிச் சொன்ன மற்றவற்றின் மேலும் சந்தேகம் விழும். "சுறுசுறுப்பானவர், இனிமையாகப் பழகுவார்" என்று பட்டும் படாமல் எழுதிக் கொடுப்பதும் அவளைக் காப்பாற்றாது. கணக்கு வேலைக்கான பரிந்துரையில் கணக்கைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்றால், படிப்பவர் அந்த இடைவெளியைத்தான் முதலில் கவனிப்பார்.

அவள் விடாமல், "ரெண்டு வரி போதும் அக்கா, நானே எழுதி அனுப்பறேன், நீங்க போட்டாப் போதும்" என்று சொல்லலாம். வேலையைப் பார்த்த ஒருவருக்கு அவளே குறிப்பு எழுதிக் கொடுத்தால் அது உதவி. எதை எதைச் செய்தோம் என்று நினைவுபடுத்தும். பார்க்காதவருக்கு அது உதவாது, ஏனென்றால் எழுதியதில் எது உண்மை என்று சரிபார்க்க அவருக்கு வழியில்லை. "யார் எழுதினாலும் என் பேர்தானேம்மா கீழ நிக்கும், பார்க்காம போட முடியாது" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்ளலாம்.

அதற்கு மேலும் உதவ மனமும், அந்தத் துறை அறிவும் இருந்தால், வேலையைப் பார்த்துவிடுவதுதான் சரியான வழி. ஜிஎஸ்டி வேலையில் இது கடினமில்லை. வாடிக்கையாளரின் பெயரையும் ஜிஎஸ்டி எண்ணையும் மறைத்து, ஒரு மாதத்துக் கொள்முதல் பதிவேட்டை GSTR-2B அறிக்கையோடு ஒப்பிட்டு அவள் செய்த தாளைக் கேட்கலாம். நமக்குச் சரக்கு விற்றவர்கள் தங்கள் கணக்கில் காட்டிய பில்கள் அந்த அறிக்கையில் வரும். அதில் வராத பில்லுக்குக் கட்டிய வரியை நாம் வரவாக எடுக்க முடியாது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "பதிவேட்டில் இருந்து 2B-யில் வராத பில்லை என்ன செய்தாய்?" வேலை தெரிந்தவள், அந்த மாதம் வரவு எடுக்காமல் தனியாகக் குறித்து வைத்தேன், விற்றவரைக் கூப்பிட்டுக் கேட்டேன், பில் வந்த மாதத்தில் எடுத்தேன் என்று வரிசையாகச் சொல்வாள். சாஃப்ட்வேரே பார்த்துக்கொள்ளும் என்ற பதில் வந்தால், எழுத மறுத்தது சரிதான் என்று தெரிந்துவிடும்.

தாள் நன்றாக இருந்தால் மனசாரவே எழுதலாம், பார்த்த அளவுக்கு: "இவருடன் நான் வேலை பார்த்ததில்லை. இவர் செய்த ஒரு மாத ஒப்பீட்டுத் தாளைப் பார்த்தேன். பொருந்தாத பில்களைக் காரணத்தோடு பிரித்து வைத்திருந்தார். கேட்டதற்குத் தெளிவாக விளக்கினார்." லிங்க்ட்இன் பட்டியலில் இந்த உறவுக்குப் பொருத்தமான தேர்வு கிடைக்காவிட்டால், இதை மின்னஞ்சலில் எழுதி அவளிடம் கொடுப்பது மேல்.

நம் கம்பெனியிலேயே வேலை காலியாக இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. ஒருவரைச் சொல்லிவிடுவது வேறு, அவருக்காகப் பொறுப்பேற்பது வேறு. அவளுடைய விண்ணப்பத்தை மனிதவளப் பிரிவுக்கு அனுப்பி, "கல்லூரிப் பழக்கம், வேலையைப் பார்த்ததில்லை, நேர்முகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று எழுதினால் அது முழு உண்மை. ஆள் சேர்த்துவிட்டால் ஊக்கத்தொகை தரும் நிறுவனங்களில் இந்த வரியை விடாமல் எழுதுவது இன்னும் அவசியம்.

முன்பே பார்க்காமல் எழுதிக் கொடுத்தவர்களுக்கும் வழியிருக்கிறது. லிங்க்ட்இன்னில் நாம் கொடுத்த பரிந்துரையை நாமே திருத்தலாம், நீக்கலாம். ஆனால் அவர் எங்காவது விண்ணப்பித்திருக்கிற நேரத்தில் சொல்லாமல் நீக்கினால் அவருக்கு அடி விழும். முதலில் அவரிடம் பேசி, வேலையைத் தெரிந்த ஒருவர் எழுதிக் கொடுத்த பிறகு நம்முடையதை எடுத்துவிடுவதே முறை.