உங்களுக்குத் தெரியுமா?

வெள்ளைப் பின்னணி கொண்ட மின்னூல் அட்டை, விற்பனைத் தளத்தின் வெண்திரையோடு கலந்து விளிம்பற்றுப் போவதால், 3 அல்லது 4 பிக்சல் அகலத்தில் சாம்பல் நிறக் கரை இடுமாறு அமேசான் கிண்டில் பரிந்துரைக்கிறது.

• மின்னூல் அட்டையின் உகந்த அளவு 2560 பிக்சல் உயரமும் 1600 பிக்சல் அகலமும் ஆகும். 6×9 அங்குல அச்சு அட்டையை இவ்வுயரத்திற்குக் கொணர்ந்தால் அகலம் ஏறத்தாழ 107 பிக்சல் மிகுந்துவிடுவதால், அதை நெருக்கினால் முகங்கள் ஒடுங்கும். பக்கங்களை வெட்டுவதே முறை.

• உட்பக்கங்களைப் பொறுத்தவரை, வாசகர் எழுத்தைப் பெரிதாக்கும்போது வரிகள் தாமாக மடங்கி அமையும் நெகிழ் அமைப்பே நாவலுக்கு ஏற்றது. ஒவ்வொரு பக்கமும் வரைந்தபடியே நிற்கும் நிலை அமைப்பு, படமும் சொல்லும் பிரிக்கவியலாத சிறுவர் நூலுக்கு உரியதெனினும், கைப்பேசியில் அதன் எழுத்து படிக்க முடியாத அளவு சிறுத்துவிடக்கூடும்.