மேகத்துளி எவ்வளவு வேகமாக விழும்?

மேகத்தில் நாம் பார்ப்பது நீராவியை அல்ல. நீராவி கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையாகத் தெரிவதெல்லாம் நீர்த்துளிகள்தான். தண்ணீரோ காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு கனமானது. அப்படியென்றால் மேகத்துளியும் விழத்தான் வேண்டும். விழுகிறது. என்ன வேகத்தில் விழுகிறது என்பதை ஒரு தாளில் கணக்கிட்டுவிடலாம்.

துளியின் மேல் இரண்டு விசைகள். கீழே இழுக்கும் எடை mg. அதை எதிர்க்கும் காற்றின் தடை. துளி மிகச் சிறியது, வேகமும் குறைவு என்பதால் தடை வேகத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும். வேகம் இரட்டித்தால் தடையும் இரட்டிக்கும். ஆகவே நியூட்டனின் இரண்டாம் விதிப்படி:

m dv/dt = mg − kv

இதில் m/k என்பது நேரத்தின் அலகில் வரும் ஓர் எண். அதை τ என்று வைத்துக்கொண்டால் சமன்பாடு dv/dt = g − v/τ என்று சுருங்கிவிடும்.

இறுதி வேகம் மட்டும் போதுமென்றால் இங்கேயே நின்றுவிடலாம். வேகம் மாறாத நிலையில் dv/dt பூச்சியம்; ஆகவே v = gτ. இதுவே முற்றுத் திசைவேகம். ஆனால் அந்த வேகத்தைத் துளி எப்போது எட்டுகிறது? அதற்குச் சமன்பாட்டைத் தீர்த்தாக வேண்டும். நல்லவேளையாக இதில் வேகத்தையும் நேரத்தையும் தனித்தனியே பிரித்துவிட முடிகிறது. v உள்ளதெல்லாம் இடப்பக்கம், t வலப்பக்கம்:

dv / (g − v/τ) = dt

இரு பக்கமும் தொகையிட்டால்:

−τ ln(g − v/τ) = t + C

இடப்பக்கம் முன்னால் நிற்கும் அந்தக் கழித்தல் குறியில்தான் மாணவர்கள் பெரும்பாலும் சறுக்குகிறார்கள். v-க்கு முன்னால் −1/τ இருப்பதால் அது வருகிறது. விட்டுவிட்டால் விடையில் e-யின் அடுக்கு குறி மாறி, வேகத்தின் அளவு நேரம் போகப்போக எல்லையின்றிப் பெருகும். தடை உள்ள காற்றில் அப்படி நடக்காது. தவறைக் கண்டுபிடிக்க அதுவே போதும்.

துளி ஓய்விலிருந்து கிளம்புகிறது. t = 0 என்றால் v = 0; எனவே C = −τ ln g. இதைப் பொருத்தி மடக்கையை நீக்கினால்:

v = gτ (1 − e^(−t/τ))

நேரம் கூடக்கூட அந்த அடுக்குக்குறி உறுப்பு தேய்ந்துகொண்டே போகும்; வேகம் gτ-வை நெருங்கும். கணிதத்தின் கண்டிப்பில் ஒருநாளும் தொடாது. ஆனால் τ அளவு நேரத்தில் 63 விழுக்காட்டையும், அதன் ஐந்து மடங்கு நேரத்தில் 99 விழுக்காட்டுக்கு மேலும் எட்டிவிடும். அதற்கப்புறம் எட்டியதாகவே கொள்ளலாம்.

இனி எண்களைப் போடுவோம். சிறு கோளத்துக்கு k = 6πηr என்று 1851-இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் காட்டினார். η என்பது காற்றின் பாகியல் எண். SI அலகில் சுமார் 0.000018. வழக்கமான மேகத்துளியின் ஆரம் 10 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. அதன் நிறையை k-யால் வகுத்தால் τ சுமார் 0.0012 வினாடி. 9.8-ஆல் பெருக்கினால் முற்றுத் திசைவேகம் வினாடிக்கு 1.2 சென்டிமீட்டர்.

விழத் தொடங்கி ஒரு தலைமுடியின் தடிமன் அளவுகூடக் கடப்பதற்குள் துளி தன் முழு வேகத்துக்கு வந்துவிடுகிறது. பிறகு அதே வேகத்தில் ஒரு கிலோமீட்டர் இறங்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். மேலெழும் காற்று வினாடிக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் வந்தாலே போதும், துளி தரையை நோக்கி வரவே வராது. மேகம் மிதப்பதுபோல் தெரிவதன் கணக்கு இதுதான்.

எடை ஆரத்தின் மும்மடியாகவும், தடை ஆரத்துக்கு நேராகவும் கூடுவதால், முற்றுத் திசைவேகம் ஆரத்தின் இருமடிக்கேற்ப உயரும். இரண்டு மடங்கு பெரிய துளி நான்கு மடங்கு வேகமாக விழும். அது வழியில் இருக்கும் சிறுதுளிகளை எட்டிப் பிடித்து, சேர்த்துக்கொண்டு, இன்னும் பெருக்கும். மழைத்துளி உருவாகும் வழிகளில் இது முக்கியமானது.

ஆனால் அந்த மழைத்துளிக்கே இதே சூத்திரத்தைப் போட்டால் கணக்கு கெட்டுவிடும். ஆரம் 1 மில்லிமீட்டர் என்றால் விடை வினாடிக்கு 120 மீட்டர், மணிக்கு 400 கிலோமீட்டருக்கும் மேல்! உண்மையில் அந்தத் துளி விழுவது வினாடிக்கு ஆறேழு மீட்டர் வேகத்தில். பிழை தொகையிட்டதில் இல்லை. தடை வேகத்துக்கு நேர் விகிதம் என்று தொடக்கத்தில் வைத்துக்கொண்டதில் இருக்கிறது. துளியின் ஆரம் 40 மைக்ரானைத் தாண்டும்போதே அந்த எடுகோள் ஆட்டம் காணத் தொடங்கும். பெரிய துளிக்குப் பின்னால் காற்று சுழன்று கலங்குவதால், தடை வேகத்தின் இருமடியை ஒட்டிக் கூடுகிறது. அப்போது எழுத வேண்டியது m dv/dt = mg − cv². இதிலும் மாறிகளைப் பிரிக்க முடியும். முற்றுத் திசைவேகம் மட்டும் mg/c-யின் வர்க்கமூலமாக மாறிவிடும்.